ஆறு பாட்டு, ஒரு பச்சை நோட்டு, இரண்டு ஊர்

தைப்பூசத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு தமிழாசிரியை என்னைப் பார்க்க வந்தார். கையில் பச்சை அட்டை போட்ட நோட்டுப்புத்தகம். அதில் அவர் எழுதிய ஆறு முருகன் பாடல்கள். மெட்டுப் போட்டது சென்னையில் இருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. கீபோர்டு வாசித்து இசையை ஒழுங்குபடுத்தியவரும் பாடியவர்களும் இங்கே இருப்பவர்கள். "பாட்டெல்லாம் இணையத்தில் ஏற்றியாகிவிட்டது தம்பி. எண்ணும் கொடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் என்ன பதிவு?" என்று கேட்டார்.

இசை உரிமைப் படிவங்களோடு பல ஆண்டுகளாகப் புழங்குகிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவருக்குக் கிடைத்தது ISRC என்ற எண். அது ஒலிப்பதிவுக்கு உரியது. அந்தக் குரல், அந்த வாத்தியங்கள், அன்றைய பதிவு ஆகியவற்றை அது அடையாளம் காட்டும். பாட்டின் வரிகளும் மெட்டும் வேறு சொத்து. அதே பாட்டை நாளை வேறொருவர் வேறு குரலில் பாடினாலும் வரிகளும் மெட்டும் எழுதியவர்களுக்கே உரியவை. அவற்றுக்குரிய எண் ISWC. வானொலியில் ஒலிக்கும்போதோ மண்டபத்தில் மேடையேறும்போதோ வரிகளுக்கும் மெட்டுக்குமான தொகையைத் திரட்டிப் பிரித்துத் தருவது, சிங்கப்பூரில் 1987 முதல் இயங்கும் காம்பஸ் எனப்படும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் காப்புரிமைக்குப் பதிவேடு கிடையாது. வரியை எழுதி முடித்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எழுதியவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். ஆகவே சங்கத்தில் பதிவது உரிமையை உண்டாக்குவதில்லை, நிரூபிப்பதும் இல்லை. யாருக்கு எத்தனை பங்கு என்று நாம் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் நாம் என்ன சொல்கிறோம் என்பதில் அவ்வளவு கவனம் வேண்டும்.

நோட்டைத் திறந்து ஒவ்வொரு பாட்டாகப் பார்த்தோம். முதல் பாட்டும் நான்காவதும் சுத்தமானவை. வரி முழுவதும் அக்காவுடையது, மெட்டு முழுவதும் தம்பியுடையது. வரிக்கு 50, மெட்டுக்கு 50 என்று பேசி முடித்தோம். கீபோர்டு வாசித்தவருக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. பாட்டில் பங்கு இல்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். வாய்ப்பேச்சோடு விட்டிருந்தால் பாட்டு பிரபலமாகும் அன்று அந்த நட்பு முறிந்திருக்கும்.

மூன்றாவது பாட்டின் பல்லவி திருப்புகழ் வரிகள், சரணங்கள் அக்காவின் சொந்தம். படிவத்தில் பாடலாசிரியர் என்று தம் பெயரை மட்டும் எழுதியிருந்தார். "அருணகிரிநாதர் பெயரை மறைக்கவா எழுதினேன்? போட வேண்டும் என்றே தோன்றவில்லை தம்பி" என்றபோது அவர் குரல் கம்மிவிட்டது. 15ஆம் நூற்றாண்டு வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது, யாரும் பாடலாம். ஆனால் அவற்றைத் தம்முடையது என்று பதிய முடியாது. பொதுச்சொத்தான வரிகள் எவை, புதிய வரிகள் எவை என்று அறிவித்து, பங்கு எவ்வளவு என்பதைச் சங்கத்தின் முடிவுக்கு விட வேண்டும். ஐந்தாவது பாட்டு காவடிச் சிந்தின் பழைய மெட்டில் அமைந்தது. அங்கே வரி புதிது, மெட்டு மரபு. தம்பி தம் பெயரை எடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய பாட்டு என்று நம் காதுக்குத் தோன்றுவதெல்லாம் பொதுச்சொத்து அல்ல. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல்தான். இந்தியச் சட்டப்படி மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள், அதாவது 2033 முடியும் வரை, அவர் பாடல்கள் உரிமைக்கு உட்பட்டவை. எழுதியவர் மறைந்த ஆண்டைத் தேடிப் பாராமல் எந்தக் கீர்த்தனையையும் தொடாதீர்கள்.

ஆறாவது பாட்டை ஒலிக்கவிட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அனுபல்லவிக்கு வந்ததும் ஒரு திரைப்பாட்டின் மெட்டு அப்படியே எழுந்தது. பஜனையில் திரை மெட்டுக்குச் சாமி வரிகள் போடுவது நம்மிடம் நெடுநாளைய வழக்கம். அதில் பக்திக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் மெட்டுக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் அதை ஒலிப்பதிவு செய்து வெளியிடக் கூடாது. "இசை: இன்னார்" என்று பதிவது பொய்யான அறிவிப்பு. அன்றே அந்தப் பாட்டை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். தம்பி அதே வரிகளுக்கு வேறு ராகத்தில் மெட்டமைத்து அனுப்பினார். மறுபடி ஒலிப்பதிவு செய்ய மூன்று வாரம் ஆனது. புதிய மெட்டுதான் வரிகளுக்கு இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது இரண்டாவது பாட்டில் சிக்கல். தம்பி இந்தியாவின் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினர். அவர் இங்கே மறுபடி சேரத் தேவையில்லை. அவருக்கு IPI என்று ஓர் எண் இருக்கிறது. அதைப் படிவத்தில் எழுதினால் அவர் பங்கு சங்கங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தின் வழியே அவருக்குப் போகும். ஆனால் அவர் சில மாதம் முன்பே அந்தப் பாட்டைத் தம் பெயரில் 100 விழுக்காடாகப் பதிந்திருந்தார். வரிக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே அக்காவுக்கு 50 என்று பதிந்தால் கூட்டுத்தொகை 150. இப்படி முரண்பட்டால் தகராறு தீரும்வரை அந்தப் பாட்டின் தொகை நிறுத்திவைக்கப்படும்.

உடனே அது தெரியவும் இல்லை. காரணம் தலைப்பு. அங்கே பதிந்திருந்தது `Saalai Ellaam Vel`. நாங்கள் எழுதியது `Salaiyellam Vel`. சாலையெல்லாம் வேல் என்ற ஒரே பாட்டு, ஆங்கில எழுத்தில் இரண்டு பாட்டாகிவிட்டது. ISWCNet தேடல் பக்கத்தில் தலைப்பை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தபோதுதான் அகப்பட்டது. கந்தன் என்ற பெயரையே `Kandhan`, `Kanthan`, `Gandhan` என்று மூன்று விதமாக எழுதுகிறவர்கள் நாம். ஒரே எழுத்துக்கூட்டலை முதன்மைத் தலைப்பாக முடிவு செய்து, மற்றவற்றை மாற்றுத் தலைப்புகளாகச் சேர்க்க வேண்டும். தம்பி தம் சங்கத்துக்கு எழுதிப் பங்கைத் திருத்தினார். இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் அதற்குச் சான்றாக இருந்தது. பாட்டின் பெயர், எழுதியவர்கள், எண்கள், பங்கு, தேதி, இவ்வளவுதான் அந்தத் தாளில்.

உறுப்பினராகக் கையெழுத்திடும் முன் அக்கா கேட்ட கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்தது. "கோயில் பஜனைக் குழுக்கள் இலவசமாகப் பாட நான் அனுமதி கொடுக்கலாமா?" பொதுவெளியில் நிகழ்த்தும் உரிமையைச் சங்கத்திடம் ஒப்படைத்த பிறகு அந்த அனுமதி தனியே அவர் கையில் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு ஒப்பந்தத்தின் அந்தப் பத்தியை இரண்டு முறை வாசித்து, ஒரு நாள் யோசித்து, அதன்பின்தான் கையெழுத்திட்டார்.

தைப்பூசத்தை ஒட்டி ஒரு மண்டபத்தில் ஐந்து பாட்டு அரங்கேறின. நிகழ்ச்சி முடிந்ததும் ஏற்பாட்டாளர் சங்கத்துக்கு அனுப்ப வைத்திருந்த பட்டியலை எட்டிப் பார்த்தேன். "முருகன் பாட்டு, 5" என்று மட்டும் இருந்தது. அக்கா தம் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பதிவில் இருந்த எழுத்துக்கூட்டலிலேயே ஐந்து தலைப்புகள், இருவர் பெயர், மூன்றாவது பாட்டுக்கு நேரே அருணகிரிநாதர்.