அடைப்புக்குள் எதை எழுதுவது?

ஹட்டனில் சனிக்கிழமைகளில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுள் சிலர் ஆங்கில மொழிமூலம் படிப்பவர்கள். வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். அவர்களுக்காக நான் தயாரித்த பயிற்சித்தாளில், "நேற்று அம்மாயி கொழுந்து ______ (பறி)" என்றொரு வாக்கியம் இருந்தது. ஒரு சிறுமி அதில் "பறிந்தாள்" என்று எழுதியிருந்தாள். பிழை என்று கோடு போடுவதற்கு முன்னர், அந்தச் சொல்லில் அவள் எதைச் சரியாகச் செய்திருக்கிறாள் என்று பார்ப்பது நல்லது.

தமிழ் வினைமுற்றில் பகுதி, காலம் காட்டும் இடைநிலை, திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி ஆகியவை ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. பறித்தாள் என்பதைப் பகுபத உறுப்பிலக்கணப்படி பிரித்தால், பறி பகுதி, முதலில் நிற்கும் த் சந்தி, அடுத்த த் இறந்தகால இடைநிலை, ஆள் விகுதி. சிறுமி பகுதியையும் காலத்தையும் பிசகாமல் பிடித்திருக்கிறாள். ஆள் பெண்பால் விகுதிதான். அம்மாயியை மரியாதையாகச் சொல்ல ஆர் வேண்டும் என்பது வேறொரு பாடம். அவள் தவறியது, த்த் வரவேண்டிய இடத்தில் ந்த் போட்டதில் மட்டுமே.

அந்த ந்த் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமன்று. முந்தைய வாரம் "அறிந்தாள்" படித்திருந்தோம். அறி, பறி என்ற இரண்டும் காதுக்கு இரட்டைப் பிள்ளைகள் போல ஒலிக்கின்றன. ஒன்று அறிந்தாள் ஆனால் மற்றது பறிந்தாள் ஆகும் என்று எண்ணுவது நியாயமான கணக்கு. பகுதியை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்த வழியே இல்லை. ஆனால் நிகழ்காலத்தைச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடுகிறது: அறிகிறாள், ஆனால் பறிக்கிறாள். இகரத்திலும் ஐகாரத்திலும் முடியும் வினைகளில், நிகழ்காலத்தில் க் இரட்டித்தால் இறந்தகாலத்தில் பெரும்பாலும் த்த் வரும்; இரட்டிக்காவிட்டால் ந்த் வரும். எதிர்காலமும் அதே வழியில் செல்லும்: பறிப்பாள், அறிவாள்.

இந்த இரட்டிப்பு பொருளையும் சில வேளை மாற்றுகிறது என்பதுதான் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு உண்மையான இடறல். வேலை முடிகிறது, முடிந்தது. நான் வேலையை முடிக்கிறேன், முடித்தேன். கூடை நனைந்தது, மழை கூடையை நனைத்தது. ஆங்கிலத்தில் வேலை முடிந்ததற்கும் ஒருவர் அதை முடித்ததற்கும் ஒரே வினைச்சொல் போதும். ஆகவே "நான் வேலையை முடிந்தேன்" என்று பிள்ளை எழுதும்போது, அதை எழுத்துப் பிழையாகக் கருதித் திருத்தினால் அடுத்த வாரமும் அதே பிழை வரும். தானாக நிகழ்வதும் ஒருவர் நிகழ்த்துவதும் தமிழில் வெவ்வேறு வடிவம் பெறுகின்றன என்பது அவளுக்கு இன்னும் புலப்படவில்லை.

எனவே அடைப்புக்குறிக்குள் பகுதியை எழுதும் வழக்கத்தை நான் கைவிட்டேன். இப்போது "நேற்று அம்மாயி கொழுந்து ______ (பறிக்கிறார்)" என்று கொடுக்கிறேன். க் இரட்டித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது; விகுதியும் கையில் இருப்பதால் பிள்ளை காலத்தை மட்டும் மாற்றினால் போதும். விகுதிக்குத் தனித்தாள் வைத்திருக்கிறேன். அதில் நான், அவள், அவர்கள் என்ற சொற்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். "கொழுந்து பறித்தோம்" என்று மட்டும் கொடுத்து, பறித்தவர் யார் என்று கேட்க வேண்டும். எழுவாய் முன்னால் நின்றால், ஆங்கிலப் பழக்கப்படி அதை மட்டும் பார்த்துவிட்டு விகுதியைக் கவனிக்காமலே விடை சொல்லிவிடுவார்கள்.

பேச்சுத் தமிழும் இங்கே கைகொடுக்கிறது. பக்கத்து லயத்தில் "பறிச்சேன்", "நனைஞ்சேன்" என்று பேசுவதை இந்தப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிறார்கள். ச்ச் கேட்டால் எழுத்தில் த்த், ஞ்ச் கேட்டால் ந்த் என்று காட்டியபோது, பலர் இந்த வினைகளை முன்பே அறிந்திருந்தது தெரியவந்தது.

இம்முறை எல்லா வினைக்கும் உதவாது. ஓடுகிறேன், போடுகிறேன் என்பவற்றுக்கு நிகழ்காலம் ஒன்றே. இறந்தகாலமோ ஓடினேன், போட்டேன் என்று பிரிகிறது. அங்கே நிகழ்காலத்தைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. இரண்டு வடிவத்தையும் சேர்த்தே மனனம் செய்ய வேண்டும். அஃறிணை எதிர்காலம் இன்னொரு விலக்கு. பெய்தது, பெய்கிறது என்று எழுதிய கை, "நாளை மழை பெய்வது" என்று எழுதிவிடும். "மழை பெய்வது நல்லது" என்ற வாக்கியத்தில் அச்சொல் வாழ்வதால், பிள்ளைக்கு அது பிழையாகவே தோன்றாது. ஆனால் முற்றாக வரும்போது காலமும் விகுதியும் பிரிக்க முடியாதபடி ஒரே "உம்" ஆகிப் பெய்யும் என்று நிற்கிறது. அட்டவணையில் அந்தக் கட்டத்தை மட்டும் நான் நிரப்பியே கொடுத்துவிடுகிறேன்.