நான்கு சீட்டில் ஒரு பாடம்: எடுத்ததைத் திரும்ப வைக்காவிட்டால் என்ன மாறுகிறது?

52 சீட்டும் வேண்டாம். கட்டிலிருந்து இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு என நான்கை மட்டும் உருவிக்கொண்டால் போதும். திரும்ப வைக்காமல் எடுப்பது, எதிர்பார்க்கப்படும் மதிப்பு என்ற இரண்டு பாடங்களையும் இந்த நான்கிலேயே நடத்திவிடலாம். முழுக் கட்டோடு தொடங்கினால் பின்னங்கள் பெரிதாகி, மாணவர்களின் கவனம் வகுத்தலிலேயே போய்விடும்.

முதலில் ஒரு கேள்வி. நான்கையும் கலைத்து, முதல் சீட்டை எடுத்து யாரும் பார்க்காமல் கவிழ்த்து வைக்கிறோம். இரண்டாவது சீட்டு சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? வகுப்பில் பாதிப் பேராவது 1/3 அல்லது 2/3 என்பார்கள். "ஒன்று போய்விட்டதே, அப்புறம் எப்படி மாறாமல் இருக்கும்?" என்று கேட்பார்கள். கவிழ்ந்து கிடப்பது சிவப்பென்றால் 1/3, கறுப்பென்றால் 2/3. ஆனால் அது எது என்று நமக்குத் தெரியாது. இரண்டுக்கும் சம வாய்ப்பு. ஆகவே பாதி முறை 1/3, பாதி முறை 2/3, சராசரி 1/2. பிறகு கவிழ்ந்ததைத் திருப்பிக் காட்டுங்கள். அந்த நொடியில் விடை 1/3 ஆகவோ 2/3 ஆகவோ மாறுகிறது. சீட்டு இடம் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறிவிட்டது. இந்த ஒரு செயலை மெதுவாக, இரண்டு மூன்று தடவை செய்துகாட்டுவது கரும்பலகையில் சூத்திரம் எழுதுவதைவிடப் பலன் தரும்.

இரண்டு சீட்டு எடுத்தால் சராசரியாக எத்தனை சிவப்பு என்றால், வைத்து எடுத்தாலும் வைக்காமல் எடுத்தாலும் ஒன்றுதான். "அப்படியானால் வித்தியாசமே இல்லையா?" என்ற கேள்வி இங்கே தானாக எழும். எழ வேண்டும். அதற்குத்தான் விளையாட்டு.

விதி இது. நான்கு சீட்டையும் கலைத்துக் கவிழ்த்து அடுக்குங்கள். ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்புவார். சிவப்பு வந்தால் ஒரு புள்ளி கூடும், கறுப்பு வந்தால் ஒரு புள்ளி குறையும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். கடைசிவரை போனால் இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல், மொத்தம் பூச்சியம். முடிவு பூச்சியம் என்று முன்கூட்டியே தெரிந்த இந்த ஆட்டத்தில் சராசரியாக எவ்வளவு கிடைக்கும்?

ஓர் எளிய உத்தி: கணக்கு +1ஐத் தொட்டவுடன் நிறுத்து, தொடாவிட்டால் கடைசிவரை போ. வரக்கூடிய வரிசைகள் ஆறுதான். அவற்றை மாணவர்களையே எழுதச் சொல்லலாம் (சி என்றால் சிவப்பு, க என்றால் கறுப்பு). சிசிகக, சிகசிக, சிககசி ஆகிய மூன்றிலும் முதல் சீட்டிலேயே +1. கசிசிக வரிசையில் −1, 0, +1 என்று போய் மூன்றாவது சீட்டில் நிறுத்துகிறோம். மீதி இரண்டான கசிகசி, ககசிசி ஆகியவற்றில் +1 வருவதே இல்லை, பூச்சியத்தில் முடிகிறது. ஆறில் நான்கு வரிசைகள் ஒரு புள்ளி தருகின்றன. எனவே எதிர்பார்க்கப்படும் மதிப்பு 2/3. எந்த ஒரு ஆட்டத்திலும் 2/3 புள்ளி கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. பலமுறை ஆடினால் சராசரி அங்கே போய் நிற்கும், அவ்வளவுதான்.

இப்போது அதே உத்தி, ஆனால் ஒவ்வொரு தடவையும் எடுத்த சீட்டைத் திரும்ப வைத்துக் கலைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு முறை. +1ஐத் தொடும் நிகழ்தகவு, முதலிலேயே சிவப்பு வருவதற்கு 1/2, கசிசி என்று வருவதற்கு 1/8, மொத்தம் 5/8. முந்தைய 2/3ஐவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் தொடாதபோது என்ன ஆகிறது? கசிகக, ககசிக, கககசி மூன்றும் −2இல் முடிகின்றன, கககக −4இல் முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு 1/16. நட்டத்தைக் கூட்டினால் 10/16, அதாவது 5/8. லாபமும் 5/8, நட்டமும் 5/8, சராசரி பூச்சியம். எந்த உத்தியைப் போட்டாலும் இங்கே பூச்சியம்தான். திரும்ப வைக்காத ஆட்டத்தில் மூன்றாவது கறுப்பு என்பதே இல்லை. −2க்குப் போனவர் கட்டாயம் பூச்சியத்துக்குத் திரும்புவார். அந்த 2/3 முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

வகுப்பில் ஆடவிடும்போது ஒரு குழு திரும்ப வைக்காத ஆட்டத்தை 20 தடவை ஆடினால் சராசரி 0.45இலிருந்து 0.9 வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். "எங்களுக்கு 0.5தான் வந்தது, கணக்கு தப்பு" என்று ஒரு குழு சொல்வது இயல்பு. பத்துக் குழுக்களின் ஆட்டங்களையும் சேர்த்து 200 ஆக்கினால், பெரும்பாலும் 0.60க்கும் 0.73க்கும் இடையில் வந்துவிடும். திரும்ப வைக்கும் ஆட்டத்தில் சராசரி இதைவிட அதிகமாக ஏறி இறங்கும்: 200 ஆட்டத்திலும் −0.2இலிருந்து +0.2 வரை அலையலாம். −2, −4 போன்ற பெரிய நட்டங்கள் அதில் இருப்பதே காரணம்.

200 ஆட்டத்துக்குப் பிறகும் விடை ஒட்டவில்லை என்றால் கலைப்பைச் சந்தேகியுங்கள். 52 சீட்டுக் கட்டைப் பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விசிறிச் செருகும் முறையில் கலைத்தால், சுமார் ஏழு தடவை வேண்டும் என்று கணிதவியலாளர்கள் பேயரும் டயக்கோனிசும் 1992இல் காட்டினார்கள். நான்கு சீட்டில் அந்த முறை சரிவராது. மேசைமேல் கவிழ்த்துப் பரப்பிக் கையால் கலக்கிவிடுவதே நல்லது. சோதிக்க ஒரு வழி உண்டு: முதல் இரண்டு சீட்டும் ஒரே நிறமாக வருவது மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்களில்தான் நடக்க வேண்டும். 200இல் 67 அளவுக்கு வர வேண்டிய இடத்தில் 100 வந்தால், போன ஆட்டத்து வரிசை அப்படியே தங்கியிருக்கிறது. பழைய சீட்டில் மூலை மடிந்திருந்தாலும் ஆட்டம் கெடும், பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விரும்பினால் ஆறு சீட்டுக்குப் போகலாம், மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு. முதல் சீட்டு சிவப்பு, கையில் +1. மீதம் இரண்டு சிவப்பு, மூன்று கறுப்பு. நிறுத்தலாமா? நான்கு சீட்டில் பழகியவர்கள் எல்லோரும் நிறுத்துவார்கள். ஆனால் இங்கே தொடர்ந்தால் சராசரியாக இன்னும் 1/5 புள்ளி கூடும். அடுத்தது கறுப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், 3/5. ஆனால் அப்படி வந்தால் கணக்கு பூச்சியமாகி, கையில் நாம் ஏற்கெனவே அறிந்த நான்கு சீட்டு ஆட்டம் இருக்கும். அதன் மதிப்பு 2/3. இழப்பது ஒரு புள்ளி, திரும்பக் கிடைப்பது 2/3, ஆக நிகர நட்டம் 1/3தான். சிவப்பு வந்தாலோ ஒரு முழுப் புள்ளி. 2/5 பங்கு ஒரு புள்ளியில் 3/5 பங்கு 1/3ஐக் கழித்தால் 1/5. +1இல் நிறுத்துபவருக்குச் சராசரி 0.75, இப்படி யோசித்து ஆடுபவருக்கு 0.85. இதே முறையில் சின்னக் கட்டின் விடையை வைத்து அடுத்த பெரிய கட்டின் விடையைக் கண்டுபிடித்துக்கொண்டே போனால், 26 சிவப்பும் 26 கறுப்பும் கொண்ட முழுக் கட்டில் அது ஏறத்தாழ 2.62 புள்ளியாகிறது.