சுகர் நார்மல்தான், ஆனா கழுத்து ஏன் கறுக்குது

எங்க அக்கா மகளுக்கு 24 வயசு, மதுரையிலயே ஒரு ஐடி கம்பெனில வேலை. பீரியட்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, சில சமயம் மூணு மாசத்துக்கு ஒருக்கா வருது, டாக்டர் பாத்துட்டு பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனைன்னு சொல்லிட்டாங்க. சுகர் டெஸ்ட்ல வெறும் வயித்துல 92, எல்லாம் நார்மல். அக்காவுக்கு அதவிட பெரிய கவலை அவ பின்கழுத்து கறுப்புதான், தினம் கடலைமாவு போட்டு தேய் தேய்னு தேய்க்கிறாங்க. நான் டயட்டீஷியன், அதப் பாத்ததும் அக்காகிட்ட சொன்னேன், அது அழுக்கு இல்லக்கா, உள்ள இன்சுலின் ஏறிக்கிடக்கு, அது வெளிய தெரியுற அடையாளம், தேய்ச்சா புண்ணாகுமே தவிர போகாதுன்னு.

சுகர் நார்மலா இருக்கறப்ப இன்சுலின் எப்படி ஏறும்னு கேப்பீங்க. வீட்ல காது மந்தமான தாத்தா இருந்தா டிவி சத்தத்த கூட்டி வைப்போம்ல, தாத்தாவுக்கு ஒரு மாதிரி கேட்டுரும், ஆனா பக்கத்து ரூம்ல தூங்குற பிள்ளை அலறி எந்திரிச்சிரும். இங்க தாத்தா நம்ம தசை. சாப்பாட்டுல இருந்து ரத்தத்துக்கு வர்ற சர்க்கரைய உள்ள எடுத்துக்கன்னு இன்சுலின் சொல்றது தசைக்கு சரியா கேக்கல, உடனே கணையம் இன்னும் இன்னும் இன்சுலின விட்டு சர்க்கரைய எப்படியோ இறக்கிருது, அதனாலதான் ரிப்போர்ட் நல்லா இருக்கு. ஆனா சினைப்பைக்கு காது நல்லாவே கேக்கும். அவ்ளோ இன்சுலின் வந்து தட்டுனதும் அது ஆண்ட்ரோஜன, அதாவது ஆம்பளைங்க உடம்புல நிறைய இருக்கிற ஹார்மோன, அளவுக்கு மேல சுரக்குது. போதாததுக்கு அந்த ஹார்மோன கட்டிப்போட்டு வைக்கிற ஒரு புரதத்த ஈரல் தயாரிக்கும், இன்சுலின் கூடுனா அதுவும் கொறஞ்சிரும். இப்ப ஹார்மோன் அவுத்துவிட்ட மாதிரி சுத்துது, முட்டை பாதி வளந்து அப்படியே நின்னுருது. ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு சொல்றாங்கள்ல, அது பெரும்பாலும் இப்படி வளராம நின்னுபோன முட்டைப் பைகள்தான். முட்டை வெளிய வராததால பீரியட்ஸ் தள்ளிப்போகுது, தாடையில முடி, பரு எல்லாம் இதுல இருந்துதான்.

ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் இது வரும், அதனால குண்டா இருக்கிறதாலதான் வந்துச்சுன்னு பிள்ளைகள ஏசாதீங்க, தயவுசெஞ்சு.

சரி சத்தத்த எப்படி கொறைக்க. அவ என்ன சாப்பிடுறான்னு கேட்டேன். காலைல அஞ்சு இட்லி, பதினோரு மணிக்கு ரெண்டு ஸ்பூன் சீனி போட்ட டீ பிஸ்கட், மத்தியானம் டிபன் பாக்ஸ் நிறைய சோறு ஓரத்துல கொஞ்சூண்டு பொரியல், சாயங்காலம் பருத்திப்பால், ராத்திரி வாரத்துல மூணு நாள் புரோட்டா. பருத்திப்பால்ல கருப்பட்டிதான சித்தி, அது நல்லதுதானங்கிறா. கருப்பட்டியும் சர்க்கரைதான்டா, உள்ள போனா கணையத்துக்கு வித்தியாசம் தெரியாது. கேப்பைக்கூழும் அப்படித்தான், சிறுதானியம்னாலும் மாவா அரைச்சு கூழாக் கரைச்சா சீக்கிரம் சர்க்கரையாயிரும்.

நான் எதையும் முழுசா நிறுத்தச் சொல்லல, இந்த ஒரு டயட்தான் பிசிஓஎஸ்க்கு ஒசத்தின்னு எதுவும் கெடையாது. மூணு இட்லியோட ரெண்டு அவிச்ச முட்டை, முட்டை பிடிக்காத அன்னிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். மத்தியானம் முதல்ல பொரியலும் பயறோ மீனோ சாப்பிட்டுட்டு கடைசியா சோறு, அதுவும் பாதி. இந்த வரிசைய மாத்துனாலே சர்க்கரை மெதுவா ஏறும், இன்சுலினும் அவ்ளோ பாய வேண்டியதில்ல. டீ சீனியில்லாம, பருத்திப்பால் ஞாயித்துக்கிழமை மட்டும், புரோட்டா வாரத்துல ஒரு நாள்.

ஆனா எனக்கு சாப்பாட்டவிட பெரிய நம்பிக்கை தசைதான். தசை வேலை செய்யுறப்ப இன்சுலின் சொல்லாமலே தானா கதவத் திறந்து சர்க்கரைய இழுத்துக்கும், நடந்து முடிச்ச பெறகும் ஒரு நாள் ரெண்டு நாளைக்கு அதுக்கு காது கொஞ்சம் நல்லா கேக்கும். அதனாலதான் ஞாயித்துக்கிழமை மட்டும் ரேஸ்கோர்ஸ்ல ரெண்டு மணி நேரம் நடக்கிறதவிட தினம் ராத்திரி சாப்பிட்டதும் தெருவுல கால் மணி நேரம், காலைல கால் மணி நேரம் நடக்கிறது மேல். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வரணும், எடை கொறையணும்னா அதுக்கு மேலயும் போகணும். கூடவே வாரத்துல ரெண்டு நாள் நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது, சுவத்துல கை ஊனி தள்ளுறது, தண்ணிக்கொடம் தூக்குறது மாதிரி தசைக்கு கனமான வேலை.

அவ எடை 72 கிலோ. 55க்கு வரணும்னு அழுதுட்டு இருந்தா, நான் சொன்னேன் மொதல்ல அதுல நூத்துக்கு அஞ்சு, அதாவது மூணரை கிலோ இறங்கட்டும், அந்த அளவுலயே நெறைய பேருக்கு பீரியட்ஸ் சீராக ஆரம்பிக்கும்னு. முத மாசம் எடை மிஷின் அசையவே இல்ல, ஆனா சுடிதார் இடுப்புல லூசாச்சு. அஞ்சாவது மாசம் 68, பீரியட்ஸ் 38 நாள்ல வந்துச்சு. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல மாட்டேன், சிலருக்கு மாத்திரையும் வேணும், அத டாக்டர்தான் சொல்லணும். மூணு மாசத்துக்கு மேல பீரியட்ஸ் வரலன்னா டயட்டுல சரியாயிரும்னு காத்திருக்காதீங்க, கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், போய் காட்டுங்க.

கழுத்து இன்னும் முழுசா வெளுக்கல, அது ரொம்ப மெதுவாத்தான் போகும். அக்கா கடலைமாவ நிறுத்திட்டாங்க, இப்ப அது பஜ்ஜிக்குக்கூட போறதில்ல.