ஆட்டோ சேஞ்ச்ஓவர்: தமிழ்ல என்ன சொல்லலாம், சின்ன கடைக்கு வேணுமா?

சேஞ்ச்ஓவர்னா ஒன்ன விட்டு இன்னொன்னுக்கு மாறுறது, அவ்வளவுதான். மீட்டர் பக்கத்துல இருக்கற இரும்பு டப்பால கைப்பிடிய மேல தள்ளுனா ஈபி, கீழ தள்ளுனா ஜெனரேட்டர், நடுவுல நிறுத்துனா ரெண்டும் இல்ல. அந்தக் கைப்பிடி வேலைய தானா செஞ்சா அது ஆட்டோ. தமிழ்ல 'மின்மாற்றி'னு எழுதிடாதீங்க, அது டிரான்ஸ்ஃபார்மருக்கு எப்பவோ போயிடுச்சு. நான் 'தானியங்கி மின்வழி மாற்றி'னு சொல்றேன், மின்சாரம் வர்ற வழியத்தான மாத்துது.

உள்ள ஒரு ரிலே ஈபி வோல்டேஜையே பாத்துட்டு இருக்கும். கரண்ட் போனா சில செகண்ட் பொறுத்து ஜெனரேட்டருக்கு ஸ்டார்ட் சிக்னல் குடுக்கும், அது 230 வோல்ட்ல நிலைச்சதும் ஈபி கான்டாக்டர், அதாவது காந்தம் இழுத்துப் பிடிக்கற சுவிட்ச், விட்டுட்டு ஜெனரேட்டர் கான்டாக்டர் 'டக்'னு பிடிக்கும். ஈபி திரும்பி வந்தாலும் உடனே மாறாது, கொஞ்ச நேரம் நிலையா இருக்கான்னு பாத்துட்டுதான் மாறும், அப்புறம் ஜெனரேட்டர் லோடு இல்லாம கொஞ்சம் ஓடி சூடு ஆறி நிக்கும்.

இதுல முக்கியமானது இன்டர்லாக், அதாவது ரெண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்துல பிடிக்கவே முடியாதபடி இருக்கற தடுப்பு. அது இல்லாம ஜெனரேட்டர் வயர ப்ளக்ல சொருகி ஓட்டுனா கரண்ட் வெளிய லைனுக்குப் போகும், தெரு டிரான்ஸ்ஃபார்மர் அத தலைகீழா ஏத்தி 11,000 வோல்ட் பக்கமே உயிரோட நிக்கலாம், கம்பத்துல ஏறியிருக்கற லைன்மேன் கரண்ட் இல்லன்னு நம்பிதான் கை வைப்பார். அதனால கைப்பிடி சேஞ்ச்ஓவராச்சும் கட்டாயம் வேணும், நியூட்ரலையும் சேத்து மாத்துற மாதிரி.

ஆனா ஆட்டோ வேணுமா? ஒரு மெடிக்கல் ஷாப்ப எடுத்துக்கோங்க. ஃப்ரிட்ஜ் 150 வாட், ஆறு எல்ஈடி 120, ரெண்டு ஃபேன் 150, பில்லிங் கம்ப்யூட்டர் 150, மொத்தம் 570 வாட். ஆட்டோ மாறுறதுக்குள்ள பத்து பதினஞ்சு செகண்ட் போயிடும், கம்ப்யூட்டர் அணைஞ்சுதான் போகும், அதுக்கு யூபிஎஸ் எப்படியும் வேணும். இந்த லோடுக்கு ஒரு நல்ல இன்வெர்ட்டரே போதும். அதுலயும் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற பெட்ரோல் ஜெனரேட்டர் வச்சிருந்தா ஆட்டோ பேனல் காசுக்கு பாதி வேலைதான், இழுக்க ஆள் வேணுமே, செல்ஃப் ஸ்டார்ட் பேட்டரி இருந்தாதான் அதோட முழு பலன்.

ராத்திரி ஆள் இல்லாம ஃப்ரீசர் ஓடணும்னா, ஐஸ்கிரீம், மீன் மாதிரி, அப்போ போடுங்க. ஜெனரேட்டர் கண்டிப்பா வெளிய இருக்கணும், ஷட்டருக்குள்ள தானா ஸ்டார்ட் ஆனா புகை உள்ளயே நிக்கும், காலைல கடை திறக்கறவர் உயிருக்கே ஆபத்து. மாசம் ஒரு தடவ ஈபி மெயின ஆஃப் பண்ணி மாறுதான்னு பாருங்க, கான்டாக்டர் விடாம உறுமுனாலோ கருகுன வாடை வந்தாலோ எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.