உங்கள் பிள்ளையின் புள்ளித்தாளில் 20 என்று இருந்தால்

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைத்து ஒரு வினாத்தாளைக் கொடுத்து, அரை மணித்தியாலத்தில் "உனக்குப் பொருத்தமான தொழில் இதுதான்" என்று ஒரு தாளைக் கையில் திணித்து அனுப்புகிற வழக்கம் நம்ம மலையகத்திலும் வந்துவிட்டது. ஹட்டன், தலவாக்கலை பக்கத்துப் பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் செய்கிறவள் என்பதால் அந்தத் தாள்களோடு வருகிற பிள்ளைகளையும் பெற்றோரையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். சோதனைகள் எனக்கும் தேவைதான், நானும் பாவிக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் இருக்கிற எண் எப்படி வந்தது என்று யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு பிள்ளை தன் அம்மாவோடு வந்தாள். தோட்டத்துப் பிள்ளை, பதினேழு வயது. அம்மா கொழுந்து பறிக்கிறார். கையில் ஓர் அறிக்கை, அதில் "ஆசிரியர், தாதி, எழுதுவினைஞர்" என்று மூன்று தொழில்கள். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "மிஸ், டெஸ்ட்லயே டீச்சர்னு வந்திருச்சு, அப்ப ஆர்ட்ஸ்தானே படிக்கணும்?"

அவள் செய்திருந்தது விருப்பச் சோதனை. ஜோன் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் முன்வைத்த கருத்தை வைத்து எழுதப்பட்டது. மனிதர்களின் விருப்பங்களையும் வேலைகளையும் அவர் ஆறு வகையாகப் பிரித்தார். எளிமையாகச் சொன்னால் கைவேலை, ஆராய்ச்சி, கலை, மக்களுக்கு உதவுதல், வியாபாரம், அலுவலக ஒழுங்கு. அமெரிக்கத் தொழில் திணைக்களம் O*NET Interest Profiler என்ற பெயரில் இலவசமாகத் தருகிற சோதனையும் இந்த வகைதான், யாரோ அதைத் தமிழாக்கி இவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 60 வேலைகள், ஒவ்வொரு வகைக்கும் 10. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்களில் ஒன்றைத் தெரிய வேண்டும்: கொஞ்சமும் விருப்பமில்லை என்றால் 0, விருப்பமில்லை 1, தெரியவில்லை 2, விருப்பம் 3, மிகவும் விருப்பம் 4. ஆகவே ஒரு வகைக்கு ஆகக்கூடிய புள்ளி 40.

இவளுடைய புள்ளிகள்: கைவேலை 12, ஆராய்ச்சி 19, கலை 17, உதவுதல் 24, வியாபாரம் 14, அலுவலகம் 20.

பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. உதவுதல் முதலில், அலுவலகம் அடுத்து, ஆக ஆசிரியர், எழுதுவினைஞர். ஆனால் நான் எப்போதும் மொத்தத்தைப் பார்க்க முன்னம் பதில்தாளைக் கேட்பேன். நல்ல காலம், அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதில் 60 பதில்களில் 27 "தெரியவில்லை". அலுவலக வகையில் பத்துக்கு எட்டு, ஆராய்ச்சியிலும் பத்துக்கு எட்டு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். "தெரியவில்லை" என்பதற்கு 2 புள்ளி. பத்துக்கும் அதையே போட்டால் 20 வரும். பாதியை மிகவும் விரும்பி, பாதியைக் கொஞ்சமும் விரும்பாத பிள்ளைக்கும் அதே 20 வரும். ஒருத்தி அந்த வேலைகளைக் கண்ணால் கண்டதே இல்லை, மற்றவளுக்கோ தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாகத் தெரியும். தாளில் இரண்டு பேரும் ஒன்றுதான். இவளுடைய அலுவலகப் புள்ளி 20-இல் 16 வெறும் "தெரியவில்லை"யிலிருந்து வந்தது. அதைத்தான் அந்த அறிக்கை எழுதுவினைஞர் வேலைக்கான விருப்பம் என்று படித்திருக்கிறது.

ஏன் தெரியவில்லை? வினாக்களைப் பாருங்கள். பங்குகளை வாங்கி விற்றல், கணினி விரிதாள் தயாரித்தல், நுண்நோக்கியில் இரத்தம் பரிசோதித்தல். லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, டவுனுக்கு மாதம் ஒருமுறை போகிற பிள்ளை இதற்கு வேறென்ன பதில் போடுவாள்? அவள் உண்மையைத்தான் எழுதியிருந்தாள், நாங்கள்தான் அதற்குப் புள்ளி போட்டுக் கூட்டிவிட்டோம். வினாக்களில் ஒன்று, ஊழியர்களின் சம்பளத்தைக் கணக்கிடுதல். அதற்கு "விருப்பமில்லை" போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "செக்ரோல்ல பேர் போடுறதுதானே மிஸ், அம்மாவுக்கு அரைப்பேர் போட்டா வீட்ல எல்லாருக்கும் கோவம் வரும்." தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் அம்மாவுக்கு அரை நாள் சம்பளம் எழுதுகிறபோது வருகிற கோபம் அது, பதில் அந்த வேலையைப் பற்றியதே இல்லை.

அப்புறம் கைவேலை, 12. ஆகக் குறைவு. அதில் "தெரியவில்லை" ஒன்றே ஒன்றுதான், மற்றவை பெரும்பாலும் "விருப்பமில்லை". சரி, இங்கே தெளிவாக இருக்கிறாள் என்று நினைக்கத் தோன்றும். "வீட்டு மின்சாதனங்களைத் திருத்துதல்" என்ற வரியைக் காட்டிக் கேட்டேன். "அது ஆம்பளைங்க வேலைதானே மிஸ்" என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா சிரித்துவிட்டு, வீட்டில் அயர்ன் பொக்ஸ், சுவிட்ச், ரேடியோ எல்லாம் இவள்தான் கழற்றிப் பூட்டுவாள், மாமா பேக்டரியில் பிட்டர், சின்ன வயதிலிருந்து அவர் பின்னாலேயே திரிந்தவள் என்றார். கல்வித்தகுதி இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்று யோசிக்காமல் பதில் எழுதச் சொல்கிறது சோதனை. பொம்பளைப் பிள்ளைக்கு இது ஆகுமா என்று யோசிக்காதே என்று அதில் எங்கும் இல்லை. அப்படி எழுதியிருந்தாலும் பதினேழு வருடப் பழக்கம் ஒரு வரியில் போய்விடாது.

இன்னொன்று, புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். உதவுதல் 24, அலுவலகம் 20, ஆராய்ச்சி 19. நாலே நாலு பதிலை ஒவ்வொரு படி மாற்றினால் 24-உம் 20-உம் ஒன்றாகிவிடும். காலையில் எழுதினதும் அடுத்த கிழமை எழுதினதும் அந்த அளவுக்கு மாறுவது சாதாரணம். ஆகவே ஒரு வகை 33, மற்றவை 15, 16 என்று இருந்தால் நான் அதை முழு மனதோடு நம்பிப் பேசுவேன். நாலைந்து புள்ளிக்குள் எல்லாம் நெருங்கி நின்றால் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்துவதில் அர்த்தமில்லை.

அவளுக்கு உடனே முடிவு எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்குள் மூன்று இடங்களுக்குப் போகச் சொல்லி ஒழுங்கு செய்தேன். தோட்ட ஆபிஸில் கிளாக்கர் பக்கத்தில் அரை நாள், வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஒரு காலை, மாமாவோடு பேக்டரி வேர்க்‌ஷொப்பில் இரண்டு நாள். போகிற இடத்தில் "பிடிச்சிருக்கா" என்று கேட்கக்கூடாது, அங்கே இருக்கிறவர் அன்றைக்கு என்னென்ன செய்தார் என்று மணிக்கு மணி எழுதிக்கொண்டு வா என்றேன். பேக்டரியில் இருந்து நாலு பக்கம் எழுதி வந்தாள். காய்ந்த தேயிலையில் ஈரம் மூன்று சதவீத அளவில் நிற்க வேண்டும் என்பதற்காக எத்தனை தடவை பார்க்கிறார்கள், ரோலர் மோட்டர் சூடேறினால் முதலில் எதைத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்றெல்லாம். ஆபிஸில் இருந்து வந்தது அரைப் பக்கம்.

பிறகு அதே சோதனையைத் திரும்ப எழுதினாள். "தெரியவில்லை" 27-இல் இருந்து 10 ஆனது. கைவேலை 23, ஆராய்ச்சி 22, கலை 17, உதவுதல் 22, வியாபாரம் 13, அலுவலகம் 11.

முதல் மூன்றும் 23, 22, 22. அவற்றில் எது அவளுக்குரியது என்று இந்தச் சோதனையால் சொல்லவே முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அலுவலகம் 20-இல் இருந்து 11-க்கு இறங்கியது, அதுவும் இம்முறை பார்த்துவிட்டு எழுதிய பதில். வியாபாரம் இரண்டு முறையும் கீழேதான். என் அனுபவத்தில் விருப்பச் சோதனை நம்பிக்கையாகச் செய்கிற வேலை இதுதான்: வேண்டாததைக் கழித்துத் தரும். மிஞ்சியதில் தெரிவு செய்ய வேறு தகவல் வேண்டும். அவள் அந்த வேலையில் எவ்வளவு திறமையாக வருவாள் என்பதைப் பற்றியும் இது ஒரு வார்த்தை சொல்வதில்லை, விருப்பமும் திறமையும் இரண்டு வேறு விடயம்.

திறமையை அளக்கத்தான் உளச்சார்புச் சோதனைகள் இருக்கின்றன, எண், சொல், உருவம், தர்க்கம் என்று நேரம் குறித்து வைப்பார்கள். பயிற்சியில் எவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்வார் என்பதை இவை ஓரளவுக்கு நன்றாகவே காட்டும். ஆனால் எந்த மொழியில் வைத்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு தனியார் நிறுவனத்தில் ஆங்கிலத்தில் எழுதி, "தர்க்கத்திறன் குறைவு" என்று அறிக்கை வாங்கி வந்த ஒரு பையனுக்கு, அதே மாதிரிக் கணக்குகளைத் தமிழில் கொடுத்தபோது முக்கால்வாசி சரியாகச் செய்தான். அவனுடைய ஆங்கில வாசிப்பு வேகத்தை அளந்துவிட்டு அதற்குத் தர்க்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆளுமைச் சோதனைகளில் நான் இன்னும் கவனமாக இருக்கச் சொல்வேன். நாலு எழுத்துகளால் 16 வகையாக மனிதர்களைப் பிரிக்கிற மையர்ஸ்-பிரிக்ஸ் இப்போது போனிலேயே சுற்றுகிறது. அது நடுவில் கோடு போட்டு ஆளை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஆனால் நிறையப் பேர் நிற்பது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான். அதனால்தான் சில கிழமை கழித்துத் திரும்ப எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பாவிக்க வேண்டாம் என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். ஐந்து பண்புகளை அளவுகோலில் அளக்கிற சோதனை இதைவிட உறுதியானது. அதில் பொறுப்போடு ஒழுங்காக வேலை செய்கிற பண்பு எந்தத் தொழிலிலும் கொஞ்சம் கைகொடுக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது எந்தத் தொழில் என்பதைச் சொல்லாது. "நான் கூச்ச சுபாவம், அதனால் டீச்சராக முடியாதாம்" என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அப்படி எந்தச் சோதனையும் சொல்ல முடியாது.

அறிக்கை கையில் வந்தால் பதில்தாளையும் கேட்டு வாங்குங்கள். "தெரியவில்லை" எத்தனை என்று நீங்களே எண்ணுங்கள். பத்துக்கு ஐந்துக்கு மேல் உள்ள வகையை மதிப்பிடாத வகையாகவே வைத்துக்கொள்ளுங்கள், இது நான் எனக்கு வைத்திருக்கிற அளவு. விருப்பமில்லை என்று போட்டதில் இரண்டு மூன்றை எடுத்து ஏன் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கணிதத்தில் பி, விஞ்ஞானத்தில் சி. கலைப்பிரிவு என்றால் பக்கத்துப் பாடசாலையிலேயே படிக்கலாம், தொழில்நுட்பப் பிரிவு என்றால் காலையில் ஐந்தரை பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். நானும் அம்மாவும் அவளும் பஸ் காசு, மழைக்காலத்து இருட்டு, வீட்டில் தம்பியைப் பார்ப்பது யார் என்பதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். இரண்டு கிழமை கழித்து அவளே போன் எடுத்து பொறியியல் தொழில்நுட்பத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். கடைசியாகப் பேசியபோது வரைபடம் வரைவது கஷ்டமாக இருக்கிறது, மோட்டர் பாடம் மட்டும் லேசு என்றாள். வரைபடத்துக்கு உதவ டவுனில் ஓர் ஆசிரியரைப் பார்த்து வைத்திருக்கிறேன், வருகிற சனிக்கிழமை கூட்டிப்போகிறேன்.