2017-008 என்று கண்டதும் இந்தியா என்று எழுதிவிடாதீர்கள்

விண்பொருள் பட்டியல்களைச் சரிபார்ப்பது என் தொழில். இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, சர்வதேச அடையாள எண் 2017-008 என்று தொடங்கும் ஒரு விண்பொருளை ‘இந்தியச் செயற்கைக்கோள்’ என்று குறித்த அறிக்கை என் மேசைக்கு வந்திருக்கிறது. பொறுமை போய்விட்டது.

சர்வதேச அடையாள எண்ணில் நாட்டின் பெயர் கிடையாது. குறியீடாகக்கூட ஒளிந்திருக்கவில்லை. 2017 என்பது ஏவிய ஆண்டு. 008 என்பது அந்த ஆண்டில் சுற்றுப்பாதையை எட்டிய எட்டாவது ஏவுதல். பின்னால் வரும் எழுத்து, அந்த ஏவுதலில் மேலே போன பல பொருள்களில் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஆக, எண் உங்களை ஓர் ஏவுதல் வரை கொண்டுபோய் விடும். நாட்டை அதற்கு அப்பால் நீங்கள்தான் தேட வேண்டும்.

2017-008 என்பது அந்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி சி-37. அதில் சென்ற 104 செயற்கைக்கோள்களில் இந்தியாவுடையவை 3 மட்டுமே. 96 அமெரிக்காவுடையவை. மீதி ஐந்தும் ஐந்து நாடுகளுடையவை. எல்லாவற்றுக்கும் ஒரே முன்னொட்டுதான்.

அப்படியானால் இந்தியாவுக்குத் தொடர்பே இல்லையா? இருக்கிறது. விண்பொருள்களால் விளையும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் 1972ஆம் ஆண்டின் பொறுப்பு ஒப்பந்தம் ‘ஏவும் நாடு’ என்பதை விரித்தே வரையறுக்கிறது: ஏவிய நாடு, ஏவச் செய்த நாடு, யாருடைய நிலத்திலிருந்தோ தளத்திலிருந்தோ ஏவப்பட்டதோ அந்த நாடு, எல்லாம் அதில் அடங்கும். எனவே ஒரே பொருளுக்குப் பல ஏவும் நாடுகள் இருக்கலாம். ஆனால் பதிவு ஒப்பந்தத்தின்படி அவற்றுள் ஒன்று மட்டுமே அதைப் பதிவுசெய்யும். அது எது என்பதை ஐ.நா. பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். ஏவும் நாடு, பதிவு நாடு, உரிமையாளர் மூன்றையும் ஒரே கட்டத்தில் திணிப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

இதைவிட மோசமாக வழுக்கும் இடம் 1998-067. அது சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியான சார்யாவின் ஏவுதல். 1998 நவம்பர் 20 அன்று பைக்கனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் சென்றது. நிலையத்திலிருந்து இன்று வெளியே விடப்படும் சிறு செயற்கைக்கோளுக்கும் இதே முன்னொட்டுதான் தரப்படுகிறது. அதை மேலே கொண்டுபோன சரக்குக் கலம் வேறு ஆண்டில், பெரும்பாலும் வேறு நாட்டிலிருந்து போயிருக்கும். அந்தக் கலத்துக்குத் தனி எண்ணும் இருக்கும். ஆகவே 1998-067க்குப் பின்னால், நிலையத்தைக் குறிக்கும் A தவிர வேறு எழுத்துகளைக் கண்டால் நில்லுங்கள். முதலில் அது நிலையத்திலிருந்து வெளிவந்த நாளைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதைச் சுமந்துசென்ற கலம் எது, அந்தக் கலம் எங்கிருந்து ஏவப்பட்டது என்று பாருங்கள்.

சுற்றுப்பாதைத் தரவு வரியில் இதே எண் சுருங்கி `98067A` என்று வரும். அதற்கு முன்னால் நிற்கும் பட்டியல் எண் வேறு. அதில் ஏவுதல் பற்றிய தகவலே கிடையாது. தயவுசெய்து இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.