ஒரு கேசட்டும் 64 எழுத்தும்

90 நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்ற அளவில் வேவ் கோப்பாக எடுத்தால் ஏறக்குறைய 1.5 ஜிபி வரும். அதாவது 1,240 கோடி பிட்டுகள். டிஸ்க்கில் சும்மா கிடக்கும்போதே அதில் ஒரு பிட் புரண்டுவிட்டால், கேட்கிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. மிஞ்சிப்போனால் 'டிக்' என்று ஒரு சத்தம். அதே பழுது கோப்பின் தலைப்பகுதியில் நேர்ந்தால் கோப்பே திறக்காமல் போகலாம். ஆகவே காதை நம்பிப் பயனில்லை.

இங்கேதான் செக்சம் வருகிறது. ஷா-256 என்ற கணக்கு கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை படித்து, 64 எழுத்து நீளமுள்ள ஒரு கைரேகையைத் தரும். ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். கேசட்டைப் பதிந்த அன்றே இதை எடுத்துவைக்க வேண்டும். கோப்பு கெட்ட பிறகு எடுத்தால் அது கெட்ட கோப்பின் கைரேகைதான்.

42ஆம் கேசட்டின் அடைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
TK0042/
  manifest-sha256.txt
  data/TK0042_A.wav
  data/TK0042_B.wav
```

அமெரிக்க காங்கிரஸ் நூலகம் முதலானவை பயன்படுத்தும் 'பேக்இட்' முறையின் மையப் பகுதி இதுதான். manifest-sha256.txt என்பது பதிந்த அன்று எடுத்த கைரேகைகளின் பட்டியல். ஆண்டுக்கு ஒருமுறை TK0042 அடைவுக்குள் போய், கோப்புகளின் இன்றைய கைரேகையை அந்தப் பட்டியலோடு ஒப்பிட இதை ஓட்டுகிறோம்:

```
sha256sum -c manifest-sha256.txt
```

`data/TK0042_A.wav: FAILED` என்று வந்தால் பழுது எங்கே என்பது தெரிந்துவிட்டது. ஆனால் செக்சம் எதையும் சரிசெய்யாது. வேறு டிஸ்க்குகளில் உள்ள நகல்களிலும் இதே சோதனையை ஓட்டி, `OK` வருகிற நகலை இங்கே எடுத்துப்போட்டு, மறுபடி சோதிக்க வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: பிழை வருகிறதே என்று பட்டியலைப் புதிதாக எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பழுதான கோப்புக்கு என்றென்றும் `OK`தான்.

பட்டியலில் கைரேகையோடு கோப்பின் பாதையும் இருக்கிறது. அடைவை அழகுபடுத்துகிறேன் என்று பெயரை மாற்றினால், ஒலி பத்திரமாக இருந்தாலும் கோப்பைக் காணோம் என்றே சோதனை சொல்லும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், பைட்டுகள் வேறு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அந்த டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் கணினிக்கு மாற்றினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே இல்லை என்று சோதனை சாதிக்கக்கூடும். அதனால்தான் TK0042 போன்ற வறட்டுப் பெயர். பாடியவர், ஊர், தேதி எல்லாம் தமிழிலேயே தனி உரைக்கோப்பில் இருக்கட்டும். ஒலிக்கோப்புக்குள்ளேயே எழுதினால், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அந்த 1.5 ஜிபியின் கைரேகை மாறிவிடும்.